பைருவிக் அமிலம் நின்ற இடம்

திருச்சியில் பி வைட்டமின்களைப் பற்றி ராஜகோபாலனைவிட அழகாகப் பேசக்கூடியவர் அந்த நாளில் ஒருவரும் இல்லை. இதை மனதாரச் சொல்கிறேன். பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கல்லூரியில் ரசாயனம் கற்பிக்கிறவர். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பூர்வீக வீடு, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் நிலம், நெற்றியில் அணுவளவும் கோணாத நாமம், கோட்டுப் பையில் தங்க மூடி போட்ட பேனா. நான் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தி வந்தேன். நானும் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள்தான். கோயில் பூலோக வைகுண்டம் என்றால் ஒப்புக்கொள்வேன். வீடுகளைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஊர்ப் பெரிய மனிதர்களின் கிளப்பில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். நன்றி சொல்ல ஒரு டாக்டர் வேண்டும் என்று என்னை இழுத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜவுளிக்கடை முதலாளிகளும் வக்கீல்களும் விசிறியால் விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள். ராஜகோபாலன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, கரும்பலகையில் பெரிதாக ஒரு பி போட்டார்.

நன்றாகத்தான் சொன்னார், அதில் குறை சொல்ல மாட்டேன். உடம்பில் நடக்கிற ஒவ்வொரு ரசாயன வேலைக்கும் என்சைம் என்று ஒரு புரதம் இருக்கிறது. பல என்சைம்கள் தனியாக நின்றால் வேலை ஓடாது. கோஎன்சைம் என்கிற சின்னத் துணை ஒன்று வந்து சேர வேண்டும். பி வைட்டமின்கள் எதற்கு என்றால், அந்தத் துணையைச் செய்வதற்கு. சாப்பாட்டில் வருவது பாதி செய்த சரக்கு. உடம்பு அதை எடுத்துப் பாஸ்பேட்டைச் சேர்த்து, இன்னும் வேண்டியதைக் கூட்டி, முழுசாக்கிக்கொள்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக எழுதினார். பி ஒன்று, அதாவது தயமின், இரண்டு பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொண்டு கோகார்பாக்ஸிலேஸ் ஆகிறது. நாம் சாப்பிடுகிற சோறு சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை உடைந்து உடைந்து பைருவிக் அமிலம் என்ற இடத்துக்கு வந்து சேரும். அதிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றிவிட்டு மிச்சத்தை மேலே அனுப்புவது இந்தக் கோகார்பாக்ஸிலேஸின் வேலை. அது இல்லாவிட்டால் பைருவிக் அமிலம் அங்கேயே நிற்கும், ரத்தத்தில் தேங்கும், இதயத்துக்கும் நரம்புக்கும் எரிபொருள் போகாது. மஞ்சள் நிறத்து ரிபோஃப்ளேவின் ஃப்ளேவின் கோஎன்சைம்களாகி, உணவுப் பொருள்களிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக் கைமாற்றுகிறது. நிகோடினிக் அமிலம் கோஎன்சைம் ஒன்று, இரண்டு என்பவற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு அதே ஹைட்ரஜன் சுமக்கும் வேலையை வேறு இடங்களில் செய்கிறது. பைரிடாக்ஸின் என்கிற பி ஆறு பைரிடாக்ஸல் பாஸ்பேட் ஆகிறது. ஒரு அமினோ அமிலத்தின் அமினோ பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டுவதற்கு அதுதான் கருவி. பான்டோதெனிக் அமிலம் கோஎன்சைம் ஏ என்பதற்குள் இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அசெடிக் அமிலத் துண்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அது. பயோட்டின், ஃபோலிக் அமிலம் இரண்டும் என்ன செய்கின்றன என்று சரியாகத் தெரியவில்லை என்பதைக்கூட மறைக்காமல் சொன்னார்.

கடைசியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். எல்லாவற்றுக்கும் பி என்று ஒரே பெயர் வைத்தது நம்முடைய அறியாமை, ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று உட்கார முடியாது என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, மில் அரிசியைவிடக் கைக்குத்தல் அரிசி நல்லதாமே என்று கேட்டார். ராஜகோபாலன் சிரித்தார். பி ஒன்று குறைந்தால் பெரிபெரி வரும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் அது வடக்கே ஆந்திரப் பக்கம் வடசர்க்கார் ஜில்லாக்களில் வெறும் சோற்றையே தின்று உழைக்கிற கூலிகளுக்கு வருகிற வியாதி, நம்மைப் போல் நெய்யும் தயிருமாகச் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம் என்றார். நெய்யிலும் தயிரிலும் பி ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். நன்றி சொல்ல வந்தவள் கேள்வி கேட்டால் நன்றாக இருக்காது என்று கிளப் காரியதரிசி கண்ணைக் காட்டினார்.

காபி குடிக்கிறபோது தன் வீட்டுப் பெருமையை அவரே எடுத்து விட்டார். மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு வாயோரமெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்ததாம். ரிபோஃப்ளேவின் மாத்திரை வாங்கிக் கொடுத்தாராம், போன இடம் தெரியாமல் போய்விட்டதாம். தன் வீட்டிலேயே பரிசோதனை நடத்தி நிரூபித்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். எத்தனையாவது குழந்தை என்று கேட்டேன். மூன்றாவது, முன்னால் இரண்டும் தங்கவில்லை, இரண்டும் மூன்று மாசத்தோடு சரி என்று, மழை பெய்யவில்லை என்கிற குரலில் சொன்னார். என்ன வியாதி என்று கேட்டதற்கு, பால் தோஷம் என்று அம்மா சொல்கிறாள் என்றார். ரசாயனப் பேராசிரியர் சொல்கிற காரணம் இது. மனைவியையும் குழந்தையையும் என்னிடம் அழைத்து வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கிளப்பில் போட்ட மாலையோடு வண்டியேறிப் போனார்.

அவர் அழைத்து வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவர் வீட்டு வண்டி என் வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் சின்னையன் மட்டும்தான் வந்திருந்தார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, குடும்ப டாக்டர் தஞ்சாவூர் போயிருக்கிறார், டாக்டரம்மா வராவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே காவேரிப் பாலத்தைத் தாண்டி நடந்து வருவேன் என்று சின்னம்மா சொல்லிவிட்டாங்க என்றார். அந்தச் சின்னம்மா ராஜகோபாலனின் மனைவி குமுதவல்லி. வீட்டை விட்டு நடந்து போனால் வீதியில் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயத்தில்தான் வண்டி வந்தது என்பது எனக்குப் புரிந்தது. மானம் போகும் என்றால்தான் எங்கள் ஊரில் மருந்து வரும்.

குழந்தை கூடத்தில் பாயில் கிடந்தது. ஆண் குழந்தை. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தது. அது சதை இல்லை, நீர். உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் தொட்டதும் முகத்தைச் சுளித்து, வாயை முழுக்கத் திறந்து அழுதது. சத்தம் வரவில்லை. வாய் அழுகிறது, கண் அழுகிறது, குரல் மட்டும் இல்லை. அதைப் பார்த்த டாக்டர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

"மத்த ரெண்டும் இப்படித்தான் அழுதது" என்றாள் குமுதவல்லி. "சத்தமே இல்லாம. மறுநாள் இல்லை."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இதயம் தாறுமாறாக ஓடியது. கல்லீரல் வீங்கிக் கையில் தட்டியது. நேற்று மத்தியானத்திலிருந்து துணி நனையவில்லை என்றாள்.

அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு, உடம்பு குழந்தைக்குத்தானே என்றார் ராஜகோபாலன். நான் அவளைக் குந்தி உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி, உடம்பைக் கையால் தூக்கிக்கொள்வது போல எழுந்தாள். கெண்டைக்காலை அமுக்கினால் வலித்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் அசையவில்லை. பாதம் இரண்டும் மரத்துப்போய், தரை சில்லென்று இருப்பதுகூடத் தெரியவில்லை என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பிரசவத்திலிருந்து என்றாள். போன இரண்டு பிரசவத்திலும் இப்படியா? ஆமாம் என்றாள். யாரிடமாவது சொன்னாயா? சொன்னேன் என்றாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. ராஜகோபாலன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். மாமியார் ரங்கம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. முதல் குழந்தைக்குச் சாதாரணப் பத்தியம்தான் வைத்தாளாம், அது போய்விட்டது. பருப்பால்தான் பால் கெட்டது என்று இரண்டாவது குழந்தைக்குப் பருப்பை நிறுத்தினாளாம், அதுவும் போய்விட்டது. இந்தத் தடவை ஒரு விஷப்பரீட்சையும் வேண்டாமென்று கீரை, பயறு, காய்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாளாம். ஒவ்வொரு குழந்தை சாகும்போதும் தட்டில் ஒரு பதார்த்தம் குறைந்திருக்கிறது.

"பழைய பச்சரிசிச் சாதமும் மொளகு சாத்தமுதும்தான். துளி நெய். வேற ஒண்ணும் உள்ளே போகலை" என்று, ரசத்தைச் சாத்தமுது என்கிற எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னாள் ரங்கம்மா. "சொந்த நெல்லு. மில்லிலே ரெண்டு தரம் தீட்டி, மல்லிப்பூவாட்டம் இருக்கும். நாலு தண்ணி அலம்பி, கஞ்சி வடிச்சுத்தான் போடறேன்."

தவிடும் கழுநீரும் வடித்த கஞ்சியும் எங்கே போகின்றன என்று கேட்டேன். கொல்லையில் கட்டியிருக்கிற பசுவுக்கு என்றாள். எட்டிப் பார்த்தேன். பசு அம்சமாக இருந்தது, கன்று துள்ளிக்கொண்டிருந்தது. நெல்லில் இருக்கிற தயமின் முழுவதும் அந்த வீட்டில் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தது. மல்லிப்பூ மட்டும் பிள்ளை பெற்றவளுக்கு. வீட்டில் மற்றவர்கள் பருப்பும் காய்கறியுமாகச் சாப்பிட்டதால் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. வராததால் அரிசியின் மேல் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

புழுங்கலரிசி வாங்குவதில்லையா என்று கேட்டதற்கு ரங்கம்மா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. யாரோ எவரோ ஒரு தரம் வேகவைத்ததை நாம் எப்படித் தளிகை பண்ணுவது என்றாள். உமியோடு வேகவைக்கும்போது பி ஒன்று அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் மில்லில் போட்டுத் தீட்டினாலும் அவ்வளவாகப் போகாது. அந்த வீட்டு வண்டிக்காரர் தின்கிற புழுங்கலரிசியில் இருக்கிற சத்து அந்த வீட்டு அரிசியில் கிடையாது. இதை நான் ரங்கம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. என் கோபமெல்லாம் நாமமும் தங்கப் பேனாவுமாக அங்கே நின்றுகொண்டிருந்த மனிதர் மேல்தான்.

அந்த மனிதர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? வெள்ளிக் கிண்ணத்தையும் பால் புகட்டுகிற சங்கையும் எடுத்துக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கிண்ணத்தில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். நேற்றிலிருந்து அவர்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறாராம். சக்தி வேண்டுமே என்றார். மத்தியானம் குடும்ப டாக்டரின் கம்பவுண்டர் வந்து குளுக்கோஸ் ஊசி போடப் போகிறாராம். டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.

நான் அவர் கையைப் பிடித்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்பிள்ளை அயலான் கையைப் பிடிப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ரங்கம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"குளுக்கோஸ் உடம்புக்குள்ளே போனா என்ன ஆகும்? கிளப்பிலே சொன்னேளே, இங்கே சொல்லுங்கோ."

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. வாத்தியார்த்தனம் அப்படிப்பட்டது.

"உடைஞ்சு பைருவிக் அமிலம் ஆகும்."

"அப்புறம்?"

"கோகார்பாக்ஸிலேஸ் அதுலேர்ந்து கரியமில வாயுவை..." என்று ஆரம்பித்தார்.

"அது எதுலேர்ந்து வரது?"

"தயமின்" என்றார். "பி ஒன்."

"இந்தக் குழந்தைக்கு பி ஒன் எங்கேருந்து வரும்?"

"தாய்ப்பால்..." என்றார். சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவர் கண் மெதுவாகக் கொல்லைப் பக்கம் போனது. அந்தப் பாதையில் அவர் மூளை நடந்து போனதை நான் பார்த்தேன். பால், அம்மா, சோறு, அரிசி, மில், தவிடு, பசு. எல்லாம் அவர் வீட்டிலேயே இருந்தது. ஒரு நாளும் ஒன்றோடு ஒன்றை அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. குங்குமம் சுமந்த கழுதைக்கு வாசனை தெரியாது என்பார்கள். கழுதையைச் சொல்லிக் குற்றமில்லை, அது பிரசங்கம் செய்வதில்லை.

ஆனால் தோற்றுப்போவது அவருக்குப் பழக்கமில்லை. உடனே நிமிர்ந்துகொண்டார்.

"பெரிபெரிங்கறேளா? எங்காத்துலயா? இவளுக்கு பி வைட்டமின் நானே குடுத்திருக்கேனே. வாய்ப்புண் சரியாப் போயிடுத்தே. அப்புறம் எப்படிக் குறையும்?"

"எந்த பி?" என்றேன்.

அவர் கையிலிருந்த சங்கைக் கீழே வைத்தார்.

"ரிபோஃப்ளேவின் ஹைட்ரஜனைத் தூக்கும். பைருவிக் அமிலத்துலேர்ந்து கரியமில வாயுவைக் கழட்டுமா? ஒண்ணோட நாற்காலிலே இன்னொண்ணு உக்கார முடியாதுன்னு சொன்னது யார்? நான் கை தட்டினேனே."

மனைவியின் வாய்ப்புண் ஆறியதால் அவளுக்கு பி குறையே இல்லை என்று முடிவு கட்டியவர், பி என்று ஒரே பெயர் வைத்தது நம் அறியாமை என்று ஊருக்குச் சொன்ன அதே மனிதர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இவர் விஷயத்தில் அந்தப் பழமொழிகூடப் பொருந்தாது. சுரைக்காய் நிஜம்தான், கையில்தான் இருந்தது. இவர் அதைப் படம் வரைந்து காட்டுவதோடு நிறுத்திக்கொண்டவர்.

குளுக்கோஸைக் கொடுக்கக் கொடுக்க அதை எரிக்க இன்னும் அதிகத் தயமின் தேவைப்படும், இருக்கிற சொட்டும் அதில் தீர்ந்துவிடும், இதயம் இன்னும் திணறும் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி முற்றத்தில் கொட்டினேன். கம்பவுண்டர் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பச் சொன்னேன். அதற்குள் ஸ்பிரிட் விளக்கில் ஊசியைக் கொதிக்க வைத்துவிட்டேன். பையில் தயமின் ஆம்பியூல்கள் இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கப் போகிறபோது அது இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

ரங்கம்மா ஊசி மருந்தைப் பார்த்து, இது மாமிசத்திலிருந்து எடுத்ததா என்று கேட்டாள். இல்லை, தொழிற்சாலையில் ரசாயனத்தால் செய்தது, உங்கள் பிள்ளை நடத்துகிற பாடத்திலிருந்து வந்தது என்றேன். அப்படியா என்று பிள்ளையைப் பெருமையாகப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று அந்த வீட்டில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

குழந்தையின் தொடையில் ஊசி போட்டேன். அடுத்து குமுதவல்லிக்கும் போட்டேன்; பால் அவளிடமிருந்துதானே வர வேண்டும். பிறகு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் போகவில்லை என்று தெரிந்ததும் குமுதவல்லி சுவரில் சாய்ந்தாள்.

மத்தியானம் கம்பவுண்டர் வந்தார், வாசலில் நின்று ராஜகோபாலனோடு ஏதோ பேசினார், போய்விட்டார். வெயில் முற்றத்தில் ஏறி இறங்கியது. குழந்தையின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது. முதலில் அது என் ஆசையோ என்று நினைத்தேன். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. உதட்டு நீலம் கரைந்துகொண்டே வந்தது. சாயரட்சைக்குக் கோயிலில் மணி அடிக்கிற நேரத்தில் குமுதவல்லி குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். துணி நனைந்திருந்தது. ஒரு மூத்திரத் துணியைத் தொட்டு இரண்டு பெண்கள் அப்படி அழுததை ஸ்ரீரங்கம் அதற்கு முன்னால் பார்த்திருக்காது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழந்தை முகத்தைத் திருப்பிப் பாலுக்கு வாயைத் திறந்தது.

ரங்கம்மாவிடம் நான் அதிகம் பேசவில்லை. பருப்பு, பயறு, கீரை எல்லாம் நாளையிலிருந்து போட வேண்டும் என்றேன். புழுங்கலரிசி மற்றவர் கைபட்டது என்றால், சொந்த நெல்லை உங்கள் அண்டாவில் நீங்களே புழுக்கி மில்லுக்கு அனுப்புங்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்றேன். அவள் மருமகளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். பேரன் பிழைக்கிறான் என்றால் அவள் எதையும் செய்யத் தயார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று தடவையும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைக்குக் குரல் திரும்பச் சில நாளாயிற்று. முதலில் கரகரவென்று, பிறகு பூனை போல, பிறகு வீதி கேட்கிற மாதிரி. அந்த வாரம் முழுக்கப் போய் ஊசி போட்டேன். பிறகு மருந்தை மாத்திரையாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாசத்துக்குப் பிறகு கடைசியாக ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று போனேன். கூடத்தில் ராஜகோபாலன் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலைகுனிவெல்லாம் சரியாகப் போயிருந்தது. கிளப்பில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்களாம், இந்தத் தடவை இந்தக் கேஸையே எடுத்துப் பேசப் போகிறாராம்.

"நேரிலே பார்த்த உதாரணம் பாருங்கோ" என்றார். "சிகிச்சை பலன் குடுத்த வேகத்தைச் சொன்னா ஜனங்களுக்கு மனசிலே பதியும். பைருவிக் அமிலம் தேங்கறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். உங்க பேரையும் சொல்றேன்."

என் பெயரையும் சொல்லுவாராம். எனக்கு வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. கெட்ட வார்த்தைகள் நிறைய வந்தன, அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

குமுதவல்லி எதிரே தரையில் உட்கார்ந்து பாசிப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, இந்தப் பாடம் காலேஜிலே எப்போலேர்ந்து நடத்தறேள்?"

மனைவி பாடத்தைப் பற்றிக் கேட்பது அதுதான் முதல் தடவை போலிருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு அவளுக்குப் பதில் சொன்னார்.

"சேர்ந்த வருஷத்துலேர்ந்து. இந்த ஜில்லாவிலேயே இதை முதல்லே கிளாஸிலே எடுத்தது நான்தான். நம்ம கல்யாணத்துக்கு முன்னாலேயே."

"கல்யாணத்துக்கு முன்னாலேயே" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"அப்போ நம்ம மூத்தவ ரங்கநாயகி வாயைத் தெறந்துண்டு கெடந்தப்போ உங்களுக்குத் தெரியும். வரதன் கெடந்தப்பவும் தெரியும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கேள்வியாகவும் கேட்கவில்லை. பயறில் கல் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

ராஜகோபாலன் வாயைத் திறந்தார். பி ஒன்றிலிருந்து கோஎன்சைம் ஏ வரைக்கும் தெரிந்த வாய். திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு வீடு அதிரக் கத்தியது. குமுதவல்லி முறத்தை ஓரமாகத் தள்ளினாள். தூணைப் பிடிக்காமல், முழங்காலில் கையை ஊன்றாமல் எழுந்தாள். அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.